மோட்டார் திரும்பியதும் ரீசெட் ஆகும் ரோபோ போர்டு: கிரவுண்ட், டிகப்ளிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் நான் நடத்தும் சிறு எலெக்ட்ரானிக்ஸ் பட்டறைக்கு, மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கங்களிலிருந்து மாணவர்கள் தாங்கள் வடிவமைத்த போர்டுகளை எடுத்து வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டே விஷயங்களைச் சுற்றி வருகின்றன. மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது, கெப்பாசிட்டர் எங்கே உட்கார வேண்டும் என்பவைதான் அவை.

பதில்கள் காற்றில் நிற்காமலிருக்க, ஒரே போர்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். முந்திரி ஆலையில் தட்டுகளைச் சுமந்து, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல் செல்லும் வண்டிக்கு மூன்று மாணவர்கள் ஒரு சிறு மாதிரி செய்தார்கள். அதன் போர்டு 80 மில்லிமீட்டர் நீளம், 60 மில்லிமீட்டர் அகலம், இரண்டு அடுக்கு. மூளையாக STM32F103C8T6, மோட்டார்களை ஓட்ட DRV8833, 3.3 வோல்ட்டுக்கு AMS1117 ரெகுலேட்டர், கோட்டைப் பார்க்க ஐந்து அகச்சிவப்பு சென்சார்கள். ஸ்பிரிங் வைத்த ஹோல்டரில் இரண்டு லித்தியம் செல்கள், சேர்த்து 7.4 வோல்ட். சக்கரம் தடைபட்டு நின்றால் இரண்டு மோட்டார்களில் ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் இழுக்கும்.

மேசையில் தூக்கிப் பிடித்தால் ஒழுங்காக ஓடுகிறது. தரையில் விட்டு மோட்டாரைத் திடீரென்று பின்னோக்கித் திருப்பினால் ரீசெட் ஆகிவிடுகிறது. எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் சேர்க்க வேண்டும், அண்ணா?

இப்போதைக்கு எதையும் சேர்க்காதீர்கள். ரீசெட்டுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, சிப்புக்கு வரும் மின்னழுத்தம் உண்மையிலேயே விழுந்திருக்கிறது. அல்லது, மின்னழுத்தம் நன்றாகவே இருக்க, ரீசெட் காலில் ஓர் இரைச்சல் நுழைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. எது நடந்தது என்பதைச் சிப்பே எழுதி வைத்திருக்கிறது, அதைப் படித்தால் போதும். நிரலின் தொடக்கத்தில் இதைச் சேருங்கள்:

```c
uint32_t r = RCC->CSR;
RCC->CSR |= RCC_CSR_RMVF;
RCC->CSR &= ~RCC_CSR_RMVF;
if (r & RCC_CSR_PORRSTF)
    log_reset("POR");
else if (r & (RCC_CSR_IWDGRSTF | RCC_CSR_SFTRSTF))
    log_reset("SOFT");
else if (r & RCC_CSR_PINRSTF)
    log_reset("PIN");
```

`log_reset` என்பது நீங்கள் எழுத வேண்டிய சிறு செயற்கூறு. சீரியல் வழியாக அனுப்பலாம், எல்.ஈ.டி.யை வெவ்வேறு எண்ணிக்கையில் சிமிட்டவும் வைக்கலாம். `SOFT` என்றால் நிரலோ வாட்ச்டாக் டைமரோ செய்த ரீசெட். வரிசை முக்கியம். மின்னழுத்தம் விழுந்து ரீசெட் ஆகும்போதும் சிப் தன் ரீசெட் காலைத் தானே கீழே இழுக்கும். அதனால் `PINRSTF` எல்லா வகை ரீசெட்டிலும் எழும். அது மட்டும் தனியாக எழுந்திருந்தால்தான் வெளியிலிருந்து இரைச்சல் வந்தது என்று பொருள்.

`POR` என்று வந்தால் சிப்பின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.9 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது. 3.3 வோல்ட்டிலிருந்து அந்த ஆழம்வரை விழுவது சின்ன விஷயமல்ல. "பேட்டரி கொஞ்சம் தாழ்ந்திருக்கும்" என்று அதைக் கடந்துபோக முடியாது.

எங்களுக்கு `PIN` என்றுதான் வருகிறது. ஆனால் ரீசெட் பட்டனை யாரும் தொடவில்லையே?

முந்திரி வண்டியிலும் இதுவேதான் வந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் கண்ணில் பட்டது. கைக்கு எட்டட்டும் என்று ரீசெட் பட்டனைப் போர்டின் ஓரத்தில், மோட்டார் கனெக்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சிப்பிலிருந்து பட்டன்வரை டிராக் 55 மில்லிமீட்டர் ஓடியது. அதில் பெரும்பகுதி மோட்டார் டிராக்குக்கு இணையாக, ஒட்டியபடியே சென்றது. இரைச்சலைத் தடுக்க 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் இருந்தது. ஆனால் அது பட்டனின் பக்கத்தில், மோட்டாரின் கிரவுண்டில் போய் ஊன்றியிருந்தது.

கெப்பாசிட்டருக்கு ஒரு குணம் உண்டு. தன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அது திடீரென்று மாற விடாது. ஒரு முனை குதித்தால் மறு முனையையும் கூடவே இழுத்துச் செல்லும். மோட்டார் பக்கத்துக் கிரவுண்ட் குதிக்கும்போது, இந்தக் கெப்பாசிட்டர் அந்தக் குதிப்பை நேராக ரீசெட் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அதை எதிர்த்து நிற்க இருந்தது சிப்புக்குள் உள்ள சுமார் 40 கிலோ ஓம் புல்அப் மட்டும். அது மிக மெலிந்த பிடி.

குதிப்பு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். கிரவுண்டாக அவர்கள் போட்டிருந்தது 60 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய டிராக். அடியில் கிரவுண்ட் செம்புப் பரப்பு, அதாவது தளம், இல்லாத டிராக்குக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நானோ ஹென்றி என்று தோராயமாகக் கொண்டால் 60 நானோ ஹென்றி. DRV8833 தன் வெளியீட்டை 150 நானோ விநாடி அளவில் மாற்றுகிறது. அந்த நேரத்தில் 3 ஆம்பியர் மாறினால்:

V = L × di/dt = 60 nH × 3 A / 150 ns = 1.2 V

ஒரு வோல்ட்டுக்கு மேல் கிரவுண்டே குதிக்கிறது. பக்கத்து மோட்டார் டிராக்கிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் அதன்மேல் கூடுகிறது. இந்தச் சிப் ரீசெட் காலில் 100 நானோ விநாடிக்குக் குறைந்த துடிப்புகளைத் தானே வடிகட்டிவிடும். 300 நானோ விநாடியைத் தாண்டிய துடிப்பு வந்தால் கட்டாயம் ரீசெட் ஆகும். இடைப்பட்டதெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் சில நேரம் ரீசெட் ஆகிறது, சில நேரம் ஆவதில்லை.

பழைய கெப்பாசிட்டரைக் கழற்றி, சிப்பின் ரீசெட் காலுக்கும் அதன் பக்கத்துக் கிரவுண்ட் காலுக்கும் நடுவே சால்டர் செய்தோம். பட்டனுக்குப் போகும் டிராக்கைச் சிப்பின் அருகே வெட்டி, நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தோம். ரீசெட் நின்றது. புதிதாக ஒரு மைக்ரோ ஃபாரட்கூடச் சேர்க்கவில்லை. அதே கெப்பாசிட்டர்தான், இடம் மாறியது, அவ்வளவுதான்.

கிரவுண்ட் என்றால் எல்லா இடத்திலும் பூஜ்ய வோல்ட்தானே? அங்கே எப்படி வோல்ட்டேஜ் வரும்?

சர்க்யூட் படத்தில் கிரவுண்ட் குறி எங்கே இருந்தாலும் ஒரே புள்ளி. போர்டில் அது செம்பு. செம்புக்கு மின்தடை உண்டு, நீளத்துக்கு ஏற்ற இண்டக்டன்ஸும் உண்டு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு ஆம்பியரும் கிரவுண்ட் வழியாகத்தான் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியெல்லாம் மின்னழுத்தத்தை விட்டுச் செல்லும்.

சாதாரண 35 மைக்ரோமீட்டர் செம்பில் ஒரு சதுரத்தின் மின்தடை ஏறத்தாழ அரை மில்லி ஓம். சதுரம் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. டிராக்கின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் எத்தனை சதுரம் என்று வந்துவிடும். மாணவர்களின் கிரவுண்ட் டிராக் அரை மில்லிமீட்டர் அகலம், 60 மில்லிமீட்டர் நீளம். அப்படியானால் 120 சதுரம், 60 மில்லி ஓம். வண்டி சாதாரணமாக ஓடும்போது 0.6 ஆம்பியர் திரும்பினால் 36 மில்லி வோல்ட். சக்கரங்கள் தடைபட்டு 3 ஆம்பியர் போனால் 180 மில்லி வோல்ட்.

அவர்கள் சென்சார்களின் கிரவுண்டை இந்த டிராக்கின் மோட்டார் முனையில் இணைத்திருந்தார்கள். சிப்பின் ஏ.டி.சி. 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 0.8 மில்லி வோல்ட். 36 மில்லி வோல்ட் என்றால் 45 படி, 180 என்றால் 220 படிக்கு மேல். மோட்டார் வேகம் மாறும்போதெல்லாம் கோடு நகர்ந்ததுபோல் நிரலுக்குத் தெரிந்தது. வண்டி ஆடி ஆடிப் போனது. அவர்கள் பி.ஐ.டி. எண்களை மாற்றி மாற்றி இரண்டு வாரம் கழித்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டியை ஒரு கட்டையின்மேல் தூக்கி வையுங்கள், சென்சார்களுக்குக் கீழே ஒரே வெள்ளைத் தாள் இருக்கட்டும். மோட்டாரை நிறுத்தி அளவைப் படியுங்கள். பிறகு மோட்டாரை ஓட்டி, விரலால் சக்கரத்தை மெல்ல அழுத்திப் பிடித்துப் படியுங்கள். ஐந்து சென்சார்களின் அளவும் ஒன்றாக ஒரே பக்கம் நகர்ந்தால் அது கோடல்ல, கிரவுண்ட்.

அப்படியென்றால் மோட்டார் கிரவுண்டையும் சிக்னல் கிரவுண்டையும் தனித்தனியாக வெட்டி, ஒரே புள்ளியில் இணைத்துவிடலாமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த அளவு போர்டில் நான் வேண்டாம் என்பேன். தளத்தை வெட்டினால், அந்த வெட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு சிக்னலுக்கும் திரும்பும் வழி அறுந்துபோகும். சிப்பிலிருந்து DRV8833-க்குப் போகும் நான்கு பி.டபிள்யூ.எம். கோடுகள் வெட்டின்மேல் குதித்துச் செல்லும். அவற்றின் மின்னோட்டம் திரும்ப வேண்டுமானால், தொலைவில் இருக்கும் இணைப்புப் புள்ளிவரை சுற்றிப் போயாக வேண்டும். அந்தச் சுற்று ஒரு பெரிய வளையம். இரைச்சலை அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் அதைவிட நல்ல ஆன்டெனா கிடைக்காது.

வெட்டுவதற்குப் பதிலாக உறுப்புகளின் இடத்தை மாற்றுங்கள். வேகமான சிக்னல்களின் மின்னோட்டம் தன் டிராக்குக்கு நேர் கீழே, தளத்தில் ஒட்டியபடியே திரும்பும். அது யாருக்கும் தொல்லை தராது. மோட்டாரின் மெதுவான, கனத்த மின்னோட்டமோ மின்தடை குறைந்த வழியைப் பார்த்து, பேட்டரி கனெக்டரை நோக்கிப் பரந்து பாயும். ஆகவே பேட்டரி கனெக்டர், மோட்டார் டிரைவர், மோட்டார் கனெக்டர் மூன்றும் போர்டின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் கனத்த மின்னோட்டம் அந்த மூலைக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். சிப்பும் சென்சார்களும் எதிர்ப் பக்கத்தில் இருந்தால் அவற்றின் காலடியில் அது பாயாது. ஊர் நடுவே வெள்ளம் வராதிருக்க, வடிகாலை ஊருக்கு வெளியே வைப்பதுபோலத்தான்.

மாணவர்களின் முதல் போர்டில் பேட்டரி கனெக்டர் ஒரு கோடி, டிரைவர் மறு கோடி, நடுவில் சிப். மூன்று ஆம்பியரும் சிப்பின் வயிற்றுக்கடியில்தான் போனது. இரண்டாவது போர்டில் கனெக்டரை டிரைவர் பக்கம் கொண்டுவந்தோம், அடி அடுக்கு முழுவதையும் கிரவுண்டாக நிரப்பினோம். 60 மில்லி ஓம் இருந்த இடத்தில் ஒரு மில்லி ஓமுக்கும் குறைவாக வந்தது. 3 ஆம்பியருக்கு இரண்டு மில்லி வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேல், ஏ.டி.சி.யில் மூன்று படி. அதிலும் பெரும்பகுதி சென்சார்களை எட்டாத மூலையிலேயே விழுந்தது.

இரண்டே அடுக்கில் ஒன்றை முழுக்கக் கிரவுண்டுக்குக் கொடுத்துவிட்டால், டிராக்குகளை எங்கே போடுவது?

மேல் அடுக்கில்தான். முடியாது என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். உறுப்புகளைத் திருப்பி, இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது டிராக்குகள் மேலேயே முடிந்துவிடும். STM32 போன்ற சிப்பில் பல வேலைகளுக்குக் காலை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் மறக்காதீர்கள். டிராக்குகள் பின்னிக்கொண்டால் படத்துக்குத் திரும்பிப் போய்க் காலை மாற்றுங்கள். நிரலில் ஒரு வரிதான் மாறும்.

தப்பவே முடியாத டிராக்குகளைக் கீழே இறக்கலாம், ஆனால் பத்து மில்லிமீட்டருக்குள் மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். இப்படி நாலைந்து இருந்தால் அவற்றை ஒரே வரிசையில் நெருக்கிப் போடாதீர்கள். இடையிடையே செம்பு ஓட வழி இருக்கட்டும். நெருக்கிப் போட்ட நாலு சிறு டிராக்குகள் சேர்ந்து ஒரு நீண்ட பிளவைப் போல நடந்துகொள்ளும்.

கிகாட் நிரலில் அடி அடுக்குக்கு `B.Cu`-வில் `GND` என்ற பெயரில் ஒரு நிரப்புப் பகுதி வரைந்து, `B` விசையை அழுத்தினால் செம்பு நிரம்பும். பிறகு `F.Cu`-வை மறைத்துவிட்டு அடி அடுக்கை மட்டும் பாருங்கள். விதிகளைச் சரிபார்க்கும் டி.ஆர்.சி. பிழை இல்லை என்று சொன்னாலும் இதைச் செய்யுங்கள். மின்னிணைப்பு இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அந்த இணைப்பு ஒரு நூல்போன்ற செம்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறதா என்பதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். டிரைவர் ஐசியின் கிரவுண்டிலிருந்து பேட்டரி எதிர்முனைக்கு விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். விரல் எங்காவது வளைய வேண்டியிருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.

எல்லா ஐசிக்கும் பக்கத்தில் 100 நானோ ஃபாரட் வைக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ரெகுலேட்டர் 3.3 வோல்ட் கொடுக்கிறதே, அப்புறம் எதற்கு?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் கடைமடை வயலுக்கு இன்று காலை தண்ணீர் வேண்டுமென்றால், மதகைத் திறந்து கால்வாயில் வந்து சேரும்வரை பயிர் காத்திருக்காது. அதனால்தான் வயலுக்குப் பக்கத்திலேயே குளங்களை வெட்டி வைத்தார்கள். குளம் உடனடித் தேவைக்குக் கொடுக்கும், கால்வாய் பிறகு மெதுவாகக் குளத்தை நிரப்பும். ரெகுலேட்டர் அணை. 100 நானோ ஃபாரட், காலடியில் இருக்கும் குளம். இப்படி வைப்பதைத்தான் டிகப்ளிங் என்கிறோம்.

சிப்புக்குள் நாலைந்து கால்கள் ஒரே நேரத்தில் மாறும்போது, இரண்டு நானோ விநாடிக்குள் 50 மில்லி ஆம்பியர் கூடுதலாகத் தேவைப்படலாம். கெப்பாசிட்டர் தூரத்தில் இருந்து, போய்வரும் வழியின் இண்டக்டன்ஸ் 20 நானோ ஹென்றி என்றால், 20 × 50 / 2 என்று கணக்கிட்டு 500 மில்லி வோல்ட் சரியும். அதே கெப்பாசிட்டரைக் காலை ஒட்டி வைத்து வழியை இரண்டு நானோ ஹென்றியாகச் சுருக்கினால் சரிவு 50 மில்லி வோல்ட். கெப்பாசிட்டரின் மதிப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தூரம்தான் வருகிறது.

தூரம் என்று நான் சொல்வது நேர்முனைப் பக்கத்தை மட்டுமல்ல. சிப்பின் மின்காலிலிருந்து கெப்பாசிட்டர், அதிலிருந்து கிரவுண்ட், அங்கிருந்து சிப்பின் கிரவுண்ட் கால் என்று முழு வளையத்தையும் பாருங்கள். பலர் கெப்பாசிட்டரைக் காலுக்குப் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டு, அதன் கிரவுண்ட் முனைக்கு எட்டு மில்லிமீட்டர் தள்ளி வயா போடுகிறார்கள். வயா கெப்பாசிட்டர் பேடின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். ஒரு கிரவுண்ட் வயாவை இரண்டு கெப்பாசிட்டர்களுக்குப் பங்குபோடவும் வேண்டாம்.

100, 10, 1 நானோ ஃபாரட் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எல்லா அலைவரிசையும் அடங்கும் என்கிறார்களே?

கம்பிக்கால் நீண்ட பழைய கெப்பாசிட்டர்களின் காலத்து வழக்கம் அது. ஒரே அளவு உறைகொண்ட மூன்றுக்கும் இண்டக்டன்ஸ் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே சிறிய மதிப்புக்குப் பெரிய நன்மை இல்லை. போதாததற்கு, ஒன்றோடொன்று ஒத்ததிர்ந்து நடுவில் ஓரிடத்தில் மின்மறுப்பு ஏறவும் கூடும். 100 நானோ ஃபாரட்டை ஒழுங்காக வையுங்கள், போதும்.

STM32F103C8T6-க்கு மொத்தம் எத்தனை வைக்க வேண்டும்?

`VDD` கால்கள் மூன்று: 24, 36, 48. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 100 நானோ ஃபாரட், பக்கத்திலேயே இருக்கும் `VSS` காலான 23, 35, 47-க்கு வளையம் மூட வேண்டும். 48-ஆம் கால் பக்கம் கூடுதலாக ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட். ஏ.டி.சி.க்கு மின்சாரம் தரும் `VDDA` 9-ஆம் கால், அதன் கிரவுண்ட் 8. அங்கே 1 மைக்ரோ ஃபாரட்டும் 10 நானோ ஃபாரட்டும். இந்தச் சிப்பில் ஏ.டி.சி. ஒப்பிடும் அளவுகோலே `VDDA`தான், எனவே அதை மற்றவற்றோடு சேர்த்து அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு, செராமிக் மட்டும் வைத்தால் போர்டு தட்டையாக இருக்கும். வைக்கலாமா?

DRV8833-இன் `VM` காலுக்குக் குறைந்தது 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் கட்டாயம் வேண்டும். `VINT`-க்கு 2.2 மைக்ரோ ஃபாரட், `VCP`-யிலிருந்து `VM`-க்கு 10 நானோ ஃபாரட். இவை மூன்றும் ஐசியை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் எலெக்ட்ரோலிட்டிக்கை எடுக்காதீர்கள். அதற்கான காரணத்தைப் பலர் ஐசி எரிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மாணவர்கள் ஒருமுறை ஸ்பிரிங் ஹோல்டரை விட்டுவிட்டு, உள் மின்தடை மிகக் குறைந்த நல்ல லித்தியம் பேட்டரி ஒன்றை மாட்டினார்கள். எலெக்ட்ரோலிட்டிக் அப்போது இல்லை. மாட்டிய கணத்திலேயே டிரைவர் போய்விட்டது. மோட்டார் சுழலவே இல்லை. நடந்தது இதுதான். பேட்டரி வயரின் இண்டக்டன்ஸும் வெறும் செராமிக்கும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும். காலியாக இருந்த செராமிக்கை நோக்கி மின்னோட்டம் பாய்ந்து வந்து, மின்னழுத்தம் முழுதாகச் சார்ஜ் ஆன இரண்டு செல்களின் 8.4 வோல்ட்டில் நிற்காமல் மேலே எகிறும். தணிக்க எதுவும் இல்லையென்றால் இரண்டு மடங்குவரை போகும். உண்மையான வயர்களில் 13 வோல்ட் எளிதாக வந்துவிடும். DRV8833 தாங்கும் உச்சம் 11.8 வோல்ட். பழைய ஸ்பிரிங் ஹோல்டரில் இது நடக்கவில்லை, ஏனென்றால் ஸ்பிரிங்கின் மின்தடையே ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தியது.

470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக்குக்கு உள்ளுக்குள் பத்தில் ஒரு ஓம் அளவில் மின்தடை இருக்கும். பொதுவாகக் குறை என்று சொல்லப்படும் அந்த மின்தடைதான் இங்கே காவல். அதைப் பேட்டரி கனெக்டருக்கும் டிரைவருக்கும் நடுவில் வையுங்கள்.

செராமிக் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 10 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருப்பது பூஜ்ய வோல்ட்டில் உள்ள அளவு. மின்னழுத்தம் ஏற ஏற அது குறையும், சிறிய உறையில் பாதிக்கும் கீழே போய்விடும். 8.4 வோல்ட் வேலைக்கு 25 வோல்ட் மதிப்புள்ள, கொஞ்சம் பெரிய உறையிலான X7R வகையை எடுங்கள்.

எங்களுக்கு `POR` என்றே வருகிறது. அப்படியானால் 470-ஐ 2200 ஆக்கிவிட்டால் சரியாகுமா?

மோட்டார் இழுக்கும் இழுப்பைக் கெப்பாசிட்டரால் தாங்க முடியாது. 7.4 வோல்ட்டில் நிரம்பிய 470 மைக்ரோ ஃபாரட்டிலிருந்து 3 ஆம்பியர் எடுத்தால் ஒரு மில்லி விநாடியைக் கொஞ்சம் தாண்டியதும் அது முழுக்கக் காலி. 2200 என்றாலும் ஐந்தரை மில்லி விநாடிதான். மோட்டார் திசை மாறி வேகம் பிடிக்கப் பல பத்து மில்லி விநாடி ஆகும். திசை மாற்றும்போது சுழலும் மோட்டாரே உண்டாக்கும் மின்னழுத்தமும் பேட்டரியோடு சேர்ந்துகொள்வதால், மின்னோட்டம் தடைபட்ட அளவைவிடவும் ஏறத்தாழ இரண்டு மடங்குக்குப் போகலாம். வண்டி குலுங்கும்போது ஸ்பிரிங் ஹோல்டரில் செல் ஒரு கணம் தொடர்பு விட்டாலோ எல்லாம் அறுந்துபோகும்.

கெப்பாசிட்டரால் மோட்டாரைக் காப்பாற்ற முடியாது. ஆனால் சிப்பைக் காப்பாற்ற முடியும். பேட்டரிக்கும் AMS1117-க்கும் நடுவே ஒரு ஷாட்கி டயோடு வைத்து, டயோடுக்குப் பிறகு இன்னொரு 470 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். பேட்டரி விழும்போது டயோடு கதவை மூடிவிடும். கெப்பாசிட்டரில் உள்ளதை மோட்டார் பிடுங்கிக்கொள்ள முடியாது, சிப்பும் சென்சார்களும் மட்டுமே அதைப் பகிர்ந்துகொள்ளும். அவை சேர்ந்து 60 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன என்போம். 7 வோல்ட்டிலிருந்து ரெகுலேட்டருக்குக் குறைந்தபட்சம் வேண்டிய 4.6 வோல்ட்வரை இறங்க:

t = C × ΔV / I = 470 µF × 2.4 V / 60 mA ≈ 19 ms

டயோடு இல்லாமல் ஒரு மில்லி விநாடி நின்ற அதே கெப்பாசிட்டர், டயோடுக்குப் பின்னால் 19 மில்லி விநாடி நிற்கிறது. அதையும் தாண்டி நீண்ட நேரம் பேட்டரி தாழ்ந்தால் செல் பழையது, அல்லது ஹோல்டரும் வயரும் மெலிந்தவை. அதற்குப் போர்டில் மருந்து இல்லை. நிரலில் மோட்டாரை ஒரே அடியாகத் திருப்பாமல், வேகத்தைக் குறைத்து நிறுத்திப் பிறகு திருப்புவது கைமேல் பலன் தரும்.

ஆசிலோஸ்கோப்பில் 3.3 வோல்ட் கோட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் முள் முள்ளாகத் தெரிகிறது. எங்கள் டிகப்ளிங் தவறா?

முதலில் கருவியைச் சோதியுங்கள். புரோப்பின் கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டியிருக்கிறீர்களோ, அதே புள்ளியில் புரோப்பின் நுனியையும் வையுங்கள். மோட்டார் ஓடட்டும். திரையில் நேர்கோடு வர வேண்டும். அப்போதும் முள் தெரிந்தால் அது உங்கள் போர்டில் இல்லை. கிளிப்பின் பதினைந்து சென்டிமீட்டர் வயர் வளையமாக நின்று காற்றிலிருந்து பிடித்தது.

கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப்போடு வரும் சிறு ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டுங்கள். அது தொலைந்திருந்தால் புரோப் நுனியின் கழுத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றி, ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளலாம். பிறகு கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் நேராக வைத்து அளந்து பாருங்கள். மாணவர்களின் இரண்டாவது போர்டில் கிளிப்போடு 600 மில்லி வோல்ட் காட்டிய முள், ஸ்பிரிங்கோடு 70-க்கு வந்தது.

வண்டியைக் குளச்சல் கடற்கரைப் பக்கம் வைத்து ஓட்டினோம். சில மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி `PIN` ரீசெட் வருகிறது. லேஅவுட் மாறவில்லையே?

லேஅவுட் மாறவில்லை, போர்டின் மேற்பரப்பு மாறியிருக்கிறது. உப்புக் காற்றில் படியும் படலம் ஈரத்தை இழுத்துப் பிடித்து, பக்கத்துப் பக்கத்துப் பேடுகளுக்கு இடையே மெல்லிய மின்கசிவுப் பாதையை உண்டாக்கும். சால்டர் செய்த ஃபிளக்ஸைத் துடைக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். மற்றக் கோடுகளில் அது தெரியாது. ரீசெட் கால் 40 கிலோ ஓம் பிடியில் நிற்பதால் அங்கேதான் முதலில் தெரியும். அது மெல்ல மெல்லக் கீழே இழுக்கப்பட்டு, பழைய சிறு இரைச்சலுக்கே விழுந்துவிடும்.

மின்சாரம் கொடுத்து, ரீசெட் காலின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். 3.3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 3-க்குக் கீழே இருந்தால் கசிவு. மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பிரஷால் சிப்பின் கால்களையும் பட்டனையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சரியாகிவிட்டால் கனெக்டர்களை டேப்பால் மூடிவிட்டு, அக்ரிலிக் காப்புப் பூச்சை இரண்டு முறை மெல்லியதாக அடியுங்கள். அடுத்த போர்டில் ரீசெட் காலிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சிப்பின் அருகிலேயே வைத்துவிடுங்கள்.